தண்டவாளம் எவ்வளவு அமிழ்கிறது, பளு எதுவரை பரவுகிறது: அடித்தள விறைப்பை அளந்து கணக்கிட்ட அனுபவம்

ஒரு பாதைப் பகுதியின் அடித்தள விறைப்பு எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதைக்கொண்டு ஒவ்வொரு ஸ்லீப்பர் கட்டைக்கும் எவ்வளவு பளு போய்ச் சேர்கிறது என்று சொல்லும் வேலை என்னிடம் வந்தது. மீள்தன்மையுள்ள அடித்தளத்தின் மேல் கிடக்கும் உத்தரம் என்ற பாடத்தை ஏட்டில் படித்தவர்களுக்கு இது ஒரு பக்கக் கணக்கு. களத்தில் அளந்த எண்களை அந்தச் சூத்திரத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பதுதான் உண்மையான வேலை என்பதால், அந்தப் பகுதியையே விரிவாக எழுதுகிறேன்.

அடிப்படைக் கருத்தை 1867-இல் விங்க்லர் முன்வைத்தார். உத்தரம் ஓரிடத்தில் எவ்வளவு அமிழ்கிறதோ, அந்த அளவுக்கு நேர் விகிதத்தில் அடித்தளம் அதே இடத்தில் மேல்நோக்கித் தள்ளும் என்பது அவருடைய எடுகோள். தண்டவாளத்துக்கு இதைப் பொருத்தினால், அடியில் உள்ள ரப்பர் பட்டை, ஸ்லீப்பர், ஜல்லி, மண் ஆகிய எல்லாமும் சேர்ந்து k என்ற ஒரே எண்ணாகிவிடும். ஒரு மீட்டர் நீளத் தண்டவாளத்தை ஒரு மில்லிமீட்டர் அமிழ்த்த 40 கிலோநியூட்டன் தேவை என்றால், k என்பது 40 நியூட்டன்/ச.மி.மீ. இந்த எண்ணும் தண்டவாளத்தின் வளைவு விறைப்பான EI-யும் சேர்ந்து β என்ற அளவைத் தருகின்றன. அமிழ்வு எவ்வளவு தூரம் பரவும் என்பதைத் தீர்மானிப்பது இந்த β தான்.

```
β  = (k / 4EI)^(1/4)
w0 = P·β / (2k)
w  = w0 · e^(-βx) · (cos βx + sin βx)
M0 = P / (4β)
```

இங்கே P சக்கரப் பளு, w0 சக்கரத்தின் நேர்கீழே உள்ள அமிழ்வு, x சக்கரத்திலிருந்து உள்ள தூரம், M0 சக்கரத்தின் கீழ் ஏற்படும் வளைவுத் திருப்புத்திறன். பாதையில் கிடந்தது மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம். அதன் நிலைமத் திருப்புத்திறன் சுமார் 3038 செ.மீ.⁴ என்பதால், எஃகின் யங் குணகத்தோடு பெருக்கினால் EI ஏறத்தாழ 6.38 × 10⁶ நியூட்டன்·மீ² ஆகும். இது உற்பத்தி அட்டவணையிலிருந்தே கிடைத்துவிடும். தெரியாதது k மட்டுமே. k-ஐ நேரடியாக அளக்க வழியில்லை என்பதால், தெரிந்த பளுவை ஏற்றி, அமிழ்வைப் படித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

இரண்டு அச்சுகளுக்கு இடையே 6 மீட்டர் இடைவெளி கொண்ட சரக்குப் பெட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. போகி பொருத்திய பெட்டியில் பக்கத்துச் சக்கரம் 1.8 மீட்டர் அருகிலேயே இருந்துவிடும். அதன் அமிழ்வும் நம் அளவீட்டில் கலந்து, k-ஐத் தெரிந்துகொள்வதற்கு முன்பே k தெரிந்திருக்க வேண்டிய நிலை வரும். 6 மீட்டர் தள்ளி இருக்கும் சக்கரத்தின் விளைவு, இந்த அளவு விறைப்புள்ள பாதையில், புறக்கணிக்கத்தக்கது. பெட்டி காலியாக இருந்தபோது சக்கரத்துக்கு 40 கிலோநியூட்டன், ஏற்றிய பிறகு 100 கிலோநியூட்டன். இரண்டு நிலைகளிலும் எடைமேடையில் நிறுத்தி உறுதிசெய்துகொண்டோம்.

டயல் கேஜைத் தாங்கும் கம்பியை எங்கே ஊன்றுவது என்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. சக்கரத்தின் கீழ் உருவாகும் பள்ளம் தண்டவாளத்தின் நீளவாக்கில் ஒவ்வொரு பக்கமும் 2 மீட்டருக்கு மேல் நீள்கிறது. ஜல்லியும் மண்ணும் அதோடு சேர்ந்து இறங்குகின்றன. அந்தப் பள்ளத்துக்குள் கம்பியை ஊன்றினால் கம்பியும் தண்டவாளத்தோடு சேர்ந்து கீழே போகும், படிக்கும் அமிழ்வு குறையும், k செயற்கையாக உயர்ந்துவிடும். ஆகவே பாதைக்குக் குறுக்காக, ஜல்லியின் சரிவுக்கு வெளியே கம்பிகளை ஊன்றி, அவற்றிலிருந்து நீண்ட குறுக்குச்சட்டத்தில் கேஜ்களைப் பொருத்தினோம். சக்கரம் நிற்கும் ஸ்லீப்பரிலும், அதிலிருந்து 0.6 மீட்டருக்கு ஒன்றாக ஒரு பக்கம் வரிசையாக உள்ள ஸ்லீப்பர்களின் மேலும் கேஜ் முள் தண்டவாள அடிப்பாகத்தைத் தொட்டது. பெட்டி முதல் முறை உருண்டு வந்து நின்றபோது கிடைத்த அளவுகளை எடுத்துக்கொள்ளவில்லை. ஜல்லிக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்த பிறகுதான் முள் ஒரே இடத்துக்குத் திரும்பி வரத் தொடங்கியது.

காலிப் பெட்டிக்கு அமிழ்வு 1.36 மி.மீ., ஏற்றிய பெட்டிக்கு 2.20 மி.மீ. இந்த இரு எண்களைப் பார்த்தவுடனேயே ஒரு விஷயம் தெளிவாகிறது. பளு இரண்டரை மடங்கு ஆனபோது அமிழ்வும் இரண்டரை மடங்காகி இருக்க வேண்டும், ஆனால் 1.6 மடங்குதான் ஆகியிருக்கிறது. அமிழ்விலிருந்து k காண உதவும் சூத்திரம் இது.

```
k^3 = P^4 / (64 · EI · w0^4)
```

காலிப் பெட்டியின் அளவை இதில் இட்டால் k சுமார் 12 என்றும், ஏற்றிய பெட்டியின் அளவை இட்டால் சுமார் 22 என்றும் வருகிறது. ஒரே பாதைக்கு இரண்டு k இருக்க முடியாது. ஸ்லீப்பருக்கும் ஜல்லிக்கும் இடையே சிறு வெற்றிடம் இருந்து, முதல் சிறு பளுவிலேயே தண்டவாளம் அந்த வெற்றிடத்தை மூடிக்கொண்டு கீழிறங்குகிறது என்பதே இதன் பொருள். அந்த இறக்கத்தில் அடித்தளம் எந்த எதிர்ப்பும் தருவதில்லை. அது விறைப்பின் அளவே அல்ல. ஒரே ஒரு பளுவை வைத்து மட்டும் அளந்திருந்தால் இந்தத் தொய்வு கண்ணில் படாமலே போயிருக்கும்.

ஆகவே வேறுபாட்டைப் பயன்படுத்தினோம். பளுவில் வேறுபாடு 60 கிலோநியூட்டன், அமிழ்வில் வேறுபாடு 0.84 மி.மீ. இவற்றை அதே சூத்திரத்தில் இட்டால் k ஏறத்தாழ 40 வருகிறது. அங்கிருந்து β = 1.12/மீ. என்றும், தொய்வு சுமார் 0.8 மி.மீ. என்றும் கிடைக்கின்றன. காலிப் பெட்டியின் பளுவிலேயே வெற்றிடம் முழுவதும் மூடிவிட்டது என்ற எடுகோள் இதில் இருக்கிறது. பள்ளத்தின் விளிம்பில் உள்ள ஸ்லீப்பர்களுக்கு அது பொருந்தாமல் போகலாம்.

அதனால் பள்ளத்தின் வடிவத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 60 கிலோநியூட்டன் கூடுதல் பளுவுக்கு, 0.6, 1.2, 1.8, 2.4 மீட்டர் தூரங்களில் கோட்பாடு சொல்லும் அமிழ்வு முறையே 0.60, 0.26, 0.05 மி.மீ., கடைசி இடத்தில் 0.03 மி.மீ. மேலெழுச்சி. கேஜில் படித்தவை 0.62, 0.29, 0.08, பூச்சியம். 3 மீட்டரில்தான் 0.02 அளவுக்கு மேலெழுச்சி தெரிந்தது, 3.6 மீட்டரில் 0.01. உண்மைப் பள்ளம் கோட்பாட்டுப் பள்ளத்தைவிடச் சற்று அகலமானது என்பது இதிலிருந்து தெரிகிறது. விங்க்லரின் அடித்தளம் ஒன்றோடொன்று தொடர்பில்லாத சுருள்வில்களால் ஆனது. ஓரிடத்தில் அழுத்தினால் பக்கத்துச் சுருள்வில்லுக்கு அது தெரியாது. மண்ணோ பக்கத்தையும் இழுத்துக்கொண்டு இறங்கும்.

EI-யே தேவைப்படாத இன்னொரு வழியிலும் k-ஐப் பார்த்தேன். பள்ளத்தின் பரப்பளவை k-ஆல் பெருக்கினால் பளுவே கிடைக்க வேண்டும், ஏனெனில் அடித்தளம் தரும் மொத்த எதிர்ப்பு சக்கரப் பளுவுக்குச் சமம். இருபுறமும் ஒன்றே எனக் கொண்டு, படித்த அமிழ்வுகளைக் கூட்டி 0.6 மீட்டரால் பெருக்கியபோது பரப்பு 1.66 மி.மீ.·மீ. ஆனது, 60-ஐ அதனால் வகுத்தால் k சுமார் 36. உச்ச அமிழ்விலிருந்து 40, பரப்பிலிருந்து 36. இந்த வகை அளவீட்டுக்கு இது நல்ல ஒற்றுமை என்றே கருதுகிறேன்.

k கையில் வந்த பிறகு பளுப் பரவலைக் கணக்கிடுவது எளிது. 100 கிலோநியூட்டன் சக்கரத்துக்கு, சக்கரத்தின் நேர்கீழ் ஸ்லீப்பர் 33.6 கிலோநியூட்டன் மட்டுமே ஏற்கிறது. அடுத்த இரண்டு பக்கத்து ஸ்லீப்பர்கள் தலா 24, அதற்கடுத்தவை 10.5, மூன்றாவதுக்கு 2 மட்டுமே. கீழ்நோக்கிய இவற்றையெல்லாம் கூட்டினால் 107 வருகிறது. கூட்டல் தவறோ என்று முதலில் தோன்றும். 2.1 மீட்டருக்கு அப்பால் உள்ள ஸ்லீப்பர்களைத் தண்டவாளம் மேல்நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பு மொத்தம் 7. இரண்டும் சேர்ந்துதான் 100. தொடர்ச்சியான அடித்தளம் என்று கொண்ட சூத்திரத்தை 0.6 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் தாங்கிகளுக்குப் பயன்படுத்தலாமா என்ற ஐயத்துக்கும் இந்தக் கூட்டலே பதில்: இடைவெளி π/4β-வைவிட, அதாவது இங்கே 0.70 மீட்டரைவிட, குறைவாக இருக்கும்வரை பிழை மிகச் சிறிது.

மேல்நோக்கிய இழுப்பு 3 மீட்டர் தூரத்து ஸ்லீப்பரில்தான் மிகுதி, சுமார் 1.4 கிலோநியூட்டன். ஸ்லீப்பர் 280 கிலோ எடையுள்ள கான்கிரீட் கட்டை என்றால் அதில் பாதியும், 0.6 மீட்டர் தண்டவாளத்தின் எடையும் சேர்ந்து 1.7 கிலோநியூட்டனுக்குச் சற்று மேல். ஆக எடை இழுப்பை மட்டுமட்டாக வெல்கிறது. சக்கரப் பளு 125 கிலோநியூட்டனைத் தாண்டினால் அந்த ஸ்லீப்பர் ஜல்லியை விட்டு எழும். சக்கரம் நெருங்கும்போது மீண்டும் அமரும். சூத்திரம் மேலே இழுக்கும் சுருள்வில்லையும் அனுமதிக்கிறது, ஜல்லியோ மேலே இழுக்காது. அந்த எல்லைக்குப் பிறகு சூத்திரம் சொல்வதை அப்படியே ஏற்கக்கூடாது.

ஏற்றிய பெட்டியின் அளவை மட்டும் வைத்து k 22 என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். வளைவுத் திருப்புத்திறன் 22.3-க்குப் பதில் 26 கிலோநியூட்டன்·மீ. என்றும், தண்டவாளத்தின் அடியில் தகைவு 60-க்குப் பதில் 69 நியூட்டன்/ச.மி.மீ. என்றும் வந்திருக்கும். இது பாதுகாப்பான பக்கம். ஆனால் ஸ்லீப்பருக்கு 33.6-க்குப் பதில் 29 என்று வரும். ஸ்லீப்பரும் ஜல்லியும் உண்மையில் ஏற்கும் பளுவைக் குறைத்துச் சொல்லும் கணக்கு அது. அடித்தளம் மென்மையாகத் தோன்றினால் பளு அகலமாகப் பரவுவதாகக் கணக்கு காட்டும், தண்டவாளம் கூடுதலாக வளைவதாகவும் காட்டும். k நான்கில் ஒன்றாகி 10 ஆனால் அமிழ்வு 2.8 மடங்காகிறது, தண்டவாளத்தின் வளைவு 1.4 மடங்காகிறது, உச்ச ஸ்லீப்பர் பளு 24-க்கு இறங்குகிறது.

இறுதி அறிக்கையில் k-ஐ 36 முதல் 40 வரை என்று வரம்பாகவே எழுதினேன். தொய்வு 0.8 மி.மீ. என்பதைத் தனி வரியில் குறிப்பிட்டு, ஸ்லீப்பர்களுக்கு அடியில் ஜல்லியைப் பொதித்து இறுக்கிய பின் அதே இரண்டு பளுக்களுடன் அந்த இடத்தை மறுபடி அளக்கப் பரிந்துரைத்தேன். இறுக்கிய பின் காலிப் பெட்டிக்கும் ஏற்றிய பெட்டிக்கும் தனித்தனியே காணும் k ஒன்றை ஒன்று நெருங்கினால் வெற்றிடம் போய்விட்டது என்று கொள்ளலாம். மறுபடியும் விலகி நின்றால், ஜல்லி பொதித்ததில் குறை அல்லது கீழே மண் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.