250 எப்படித் தசம எண் ஆனது? பிளேஸ்மென்ட் தேர்வில் நான் விட்ட ஒரு பேக்ஸ்லாஷ்

கடைசி வருடம் படிக்கும்போது ஓஎம்ஆர் பக்கம் ஒரு மையத்தில் ஆன்லைன் கோடிங் தேர்வு எழுதினேன். மொத்தம் மூன்று கேள்விகள். எளிதாகத் தெரிந்த முதல் கேள்வியில்தான் மதிப்பெண் போனது. அங்கே என்ன நடந்தது என்பதை விவரமாக எழுதுகிறேன். இந்த வருடம் தேர்வு எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும்.

கேள்வி இதுதான். காய்கறி மண்டியின் எடைப் பட்டியல் ஒரு கோப்பில் வரி வரியாக இருக்கும். அதில் எத்தனை வரிகள் சரியான தசம எண்கள் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். புள்ளிக்கு முன்னாலும் பின்னாலும் குறைந்தது ஓர் இலக்கம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாதிரியாக 12.5, 7, 40, abc என்று நான்கு வரிகள் கொடுத்திருந்தார்கள். விடை 1.

பைத்தானில் எழுதினேன். பேட்டர்ன் இப்படி இருந்தது:

```python
re.fullmatch(r"\d+.\d+", line)
```

ஓட்டிப் பார்த்தேன், 1 என்றே வந்தது. மாதிரி டெஸ்ட் கேஸ் எல்லாம் பச்சை. அனுப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். கடைசியில் பார்த்தால் மறைத்து வைத்திருந்த 10 டெஸ்ட் கேஸில் 4 மட்டுமே தேறியிருந்தன.

ரெஜெக்ஸில் வெறும் புள்ளி என்றால் "ஏதாவது ஓர் எழுத்து" என்று பொருள். புதிய வரிக் குறி ஒன்றைத் தவிர மற்ற எதையும் அது ஏற்கும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எண்ணின் நடுவே வைத்ததும் என் கண்ணுக்கு அது தசமப் புள்ளியாகவே பட்டது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். படிப்பவர் இடம் பார்த்து, இது க, இது க் என்று புரிந்துகொள்வார். ரெஜெக்ஸுக்கு அப்படி இடம் பார்த்துப் படிக்கத் தெரியாது.

காற்புள்ளி போட்ட 12,5, கோடு போட்ட 12-5, இடைவெளி விட்ட 12 5 எல்லாம் என் பேட்டர்னில் தேறிவிடும் என்பது உடனே புரிந்தது. ஆனால் அவற்றால் மட்டும் ஆறு டெஸ்ட் கேஸ் போயிருக்கும் என்று தோன்றவில்லை. மறுநாள் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரில் படித்துக்கொண்டிருந்த சீனியர் அக்கா ஒருவர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "250 கொடுத்துப் பாத்தியா?" என்று கேட்டார்.

"அது முழு எண்ணுதானேக்கா, புள்ளியே இல்லையே?"

"கொடுத்துப் பாரு. ஒவ்வொரு துண்டுக்கும் அடைப்புக்குறி போட்டு, எது எதைப் பிடிக்குதுன்னு பாரு."

```python
m = re.fullmatch(r"(\d+)(.)(\d+)", "250")
print(m.groups())
```

திரையில் `('2', '5', '0')` என்று வந்தது. 250 தசம எண்ணாகத் தேறிவிட்டது! நடுவில் இருந்த 5 தசமப் புள்ளியின் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

படிப்படியாகப் பார்த்தால் காரணம் தெரியும். `\d+` பேராசைக்காரன், முதலில் 250 முழுவதையும் விழுங்கும். அடுத்து புள்ளிக்கு ஓர் எழுத்து வேண்டும், ஆனால் மிச்சம் எதுவும் இல்லை. அதனால் `\d+` பின்வாங்கி 0-வை விட்டுக்கொடுக்கும். அந்த 0-வைப் புள்ளி எடுத்துக்கொள்ளும். இப்போது கடைசி `\d+`-க்கு ஒன்றும் இல்லை. மறுபடி பின்வாங்கி 5-ஐயும் விட்டுக்கொடுக்கும். 5 புள்ளிக்கு, 0 கடைசித் துண்டுக்கு. பொருத்தம் முடிந்தது. 2500 கொடுத்தால் 25, 0, 0 என்று பிரியும். எவ்வளவு நீள முழு எண்ணாக இருந்தாலும் கடைசிக்கு முந்தைய இலக்கம்தான் புள்ளியாக வேஷம் போடும்.

மாதிரியில் தவறு ஏன் தெரியவில்லை என்பதும் அப்போது விளங்கியது. அந்த பேட்டர்னுக்குக் குறைந்தது மூன்று எழுத்துகள் வேண்டும். 7, 40 இரண்டும் அதைவிடக் குட்டி. அதனால் சரியான காரணம் இல்லாமலே சரியாக நிராகரிக்கப்பட்டன. மண்டிக் கணக்கில் 100, 250 போன்ற மூன்று இலக்க எடைகள்தானே நிறைய வரும்! இரண்டு இலக்க முழு எண் விழுந்து, மூன்று இலக்க முழு எண் தேறினால், புள்ளிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் இல்லை என்று உடனே சந்தேகப்படுங்கள்.

திருத்தம் ஓர் எழுத்துதான்: `\d+\.\d+`. இல்லையென்றால் `\d+[.]\d+` என்றும் எழுதலாம். சதுர அடைப்புக்குறிக்குள் புள்ளி வெறும் புள்ளியாகத்தான் இருக்கும். அக்கா இன்னொன்றும் சொன்னார். பைத்தான் 3-இல் சாதாரண சரத்தின் மேல் ஓட்டும்போது `\d` என்பது 0 முதல் 9 வரை மட்டும் இல்லை. ௧.௫ என்று தமிழ் எண்ணில் எழுதினாலும் பொருந்தும். (சோதித்துப் பார்த்தேன், பொருந்தியது. மனதுக்குள் ஒரு சந்தோஷம்.) கேள்வி 0 முதல் 9 வரை என்று கறாராகக் கேட்டால் `[0-9]` எழுதுவதே பாதுகாப்பு.

அந்தப் பழக்கத்தோடு அடுத்த மாதம் வேறொரு தேர்வுக்குப் போனேன். அங்கே ஜாவாஸ்கிரிப்ட். புள்ளிக்கு பேக்ஸ்லாஷ் மறக்காமல் போட்டேன், ஆனாலும் 250 தேறியது. வீட்டுக்கு வந்து மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்:

```javascript
new RegExp("^[0-9]+\.[0-9]+$").test("250")
new RegExp("^[0-9]+\\.[0-9]+$").test("250")
/^[0-9]+\.[0-9]+$/.test("250")
```

முதல் வரி மட்டும் `true`, மற்ற இரண்டும் `false`. மேற்கோள் குறிக்குள் எழுதும்போது பேக்ஸ்லாஷை முதலில் பார்ப்பது ரெஜெக்ஸ் இல்லை, சரம்தான். ஜாவாஸ்கிரிப்ட் சரத்தில் `\.` என்பதற்குத் தனிப் பொருள் கிடையாது. அதனால் சத்தமில்லாமல் பேக்ஸ்லாஷை எடுத்துவிட்டு வெறும் புள்ளியை ரெஜெக்ஸிடம் கொடுக்கிறது. நான் `\d` எழுதியிருந்தால் அதுவும் வெறும் d ஆகி, 12.5 கூடத் தேறாமல் தவறு உடனே வெளிப்பட்டிருக்கும். `[0-9]` எழுதியதால் புள்ளியின் பேக்ஸ்லாஷ் மட்டும் தொலைந்தது, மற்றதெல்லாம் நன்றாக ஓடியது. ஜாவாவில் எழுதும் நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. அங்கே ஒற்றை பேக்ஸ்லாஷோடு `"\."` என்று எழுதினால் கம்பைலே ஆகாது, `"\\."` என்றே எழுத வேண்டும். பைத்தானில் முன்னால் r போட்டுவிட்டால் போதும். r இல்லாமலும் `"\."` வேலை செய்யும், ஆனால் 3.12 முதல் எச்சரிக்கை காட்டும்.

எனக்கு இப்போது `[.]` தான் பிடித்திருக்கிறது. மேலே சொன்ன மூன்று மொழிகளிலும் சரம் அதைத் தொடாது, அவசரத்தில் படித்தாலும் கண்ணில் படும்.

.5 செல்லுமா, 5. செல்லுமா, -3.2 செல்லுமா என்பதை மட்டும் பேட்டர்னிடம் கேட்காதீர்கள், கேள்வித்தாளில் தேடுங்கள். மேலே சொன்ன நிபந்தனைப்படி முதல் இரண்டும் செல்லாது. தேர்வில் தசம எண் என்று பார்த்தவுடன் ரஃப் தாளின் மூலையில் நான் எழுதிக்கொள்பவை நான்கு: 12.5, 12, 250, காற்புள்ளி போட்ட 12,5. முதலாவது தேற வேண்டும், மற்ற மூன்றும் விழ வேண்டும். மாதிரி பச்சையானாலும் இந்த நான்கையும் ஓட்டிய பிறகுதான் அனுப்புகிறேன்.