64 ஆண்டு என்றார்கள், பத்திரத்தில் 58

ஃப்ரீஹோல்டு வீடு என்றால் நிலத்தோடு சேர்த்துக் காலவரையறை இல்லாமல் நமக்கே உரியது. எங்களுக்குப் பிடித்துப்போன வீடோ லீஸ்ஹோல்டு. நிலம் வேறொருவருடையது, குத்தகை 99 ஆண்டு. "இன்னும் 64 ஆண்டு பாக்கி இருக்கிறது" என்றார் தரகர். நம் ஆயுளுக்கு அது போதாதா என்று நானும் மனைவியும் முன்பணம் கொடுக்கத் தயாரானோம். அதற்கு முன்பே வங்கியில் விண்ணப்பித்தது நல்லதாயிற்று.

குத்தகைப் பத்திரத்தைப் படித்த வங்கியின் வழக்கறிஞர்தான் பிழையைக் கண்டுபிடித்தார். கட்டடம் முடிந்த ஆண்டிலிருந்து தரகர் கணக்கிட்டிருந்தார். பத்திரத்தில் குறித்திருந்த தொடக்க நாளோ அதற்கு 6 ஆண்டு முந்தையது. ஆக, மிச்சம் 58 ஆண்டுதான்.

கடன் முடியும் நாளில் குறைந்தது 40 ஆண்டு குத்தகை எஞ்சியிருக்க வேண்டும் என்பது அந்த வங்கியின் விதி. இந்த எண் வங்கிக்கு வங்கி மாறும். 24 ஆண்டுக் கடன் கேட்டிருந்தோம். 18 ஆண்டுதான் தர முடியும் என்றார்கள். 9 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் பத்தில் ஒரு பங்கு ஏறியது. சமாளித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்றிரவு மனைவி கேட்டார்: "பத்து வருடம் கழித்து நாம் விற்றால், வாங்குபவருக்கு எத்தனை ஆண்டுக் கடன் கிடைக்கும்?" 58-இல் 10 போனால் 48. அதிலிருந்து 40-ஐக் கழித்தால் வெறும் 8. வீட்டுக் கடனை எட்டே ஆண்டில் அடைக்க எத்தனை பேரால் முடியும்? முழுத் தொகையையும் கையில் வைத்திருப்பவர் மட்டுமே வருவார், அவரும் விலையை அடித்துக் கேட்பார். ஃப்ரீஹோல்டு வீட்டில் இந்தக் கழித்தலுக்கே இடமில்லை. உரிமைப் பத்திரம், வீட்டின் மதிப்பு, வாங்குபவரின் வயது, வருமானம் ஆகியவற்றைத்தான் வங்கி பார்க்கும்.

குத்தகையை நீட்டித்த பிறகே வாங்குவோம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டோம். நில உரிமையாளர் மீண்டும் 99 ஆண்டுக்குச் சம்மதித்தார். கட்டணத்தை விற்பவரும் நாங்களும் பாதிப் பாதியாக ஏற்றோம். நீட்டிப்புப் பத்திரம் பதிவாகி வர 5 மாதம் ஆனது.

அதன் பிறகும் ஒரு தடை. நில உரிமையாளர் தந்த தடையின்மைச் சான்று, வீட்டை எங்கள் பெயருக்கு மாற்ற மட்டுமே அனுமதித்தது. வங்கியிடம் அடமானம் வைப்பதற்குத் தனிச் சம்மதக் கடிதம் வேண்டும் என்று கடனை நிறுத்திவைத்தார்கள். விற்பவர் கட்டாமல் விட்டிருந்த 2 ஆண்டு நில வாடகையைச் செலுத்திய பிறகே அந்தக் கடிதம் கைக்கு வந்தது. இரண்டு அனுமதியையும் ஒரே மனுவில் கேட்டிருந்தால் ஒன்றரை மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் கடன் 24 ஆண்டுக்கே கிடைத்தது. இனி பத்து ஆண்டு கழித்து விற்றாலும் குத்தகையில் 89 ஆண்டு இருக்கும். 40 போக 49. வாங்க வருபவர் எங்களைப் போலவே வங்கிக் கடனை நம்பி வரலாம்.