அம்மாவின் போர்வையும் அலாரமும்

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு எங்கள் தெருவை எழுப்பிவிட்ட பெருமை அம்மாவின் சோலாப்பூர் போர்வையையே சேரும்.

தர்மபுரியில் நாலு துளி விழுவதற்கு முன்னால் நாற்பது நிமிஷம் காற்று அடிக்கும், கரண்ட் போகும். நேற்றும் போனது. உடனே மாடிச் சுவரில் நான் மாட்டிய திருட்டு அலாரத்தின் சைரன் ஆரம்பித்தது. தொடர்ந்து அலறியிருந்தாலாவது திருடன் என்று நினைக்கலாம். இது இரண்டு விநாடி கூவும், இரண்டு விநாடி மூச்சு வாங்கும், மறுபடி கூவும். பிரசவ வலி மாதிரி.

"கரண்டே இல்ல, இது மட்டும் எப்படிப்பா கத்துது?" என்று எதிர்வீட்டு வாத்தியார் டார்ச் அடித்தார். பேட்டரி சார் என்றேன். "நல்ல பேட்டரியா வாங்கியிருக்க" என்றார். அதுதான் இல்லை.

பாஸ்வேர்டில் மூன்றாவது எண்ணை அழுத்துவதற்குள் பேனல் அணைந்து மறுபடி உயிர் பெறும். ஐந்து நிமிஷத்தில் சைரன் தானாக நிற்கும்படி நானே புரோகிராம் எழுதியிருந்தேன். ஆனால் ஒவ்வொரு ரீசெட்டிலும் அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் ஐந்து நிமிஷம் எந்த ஜென்மத்தில் வரும்? கடைசியில் பேட்டரி வயரையே பிடுங்கினேன்.

காலையில் மீட்டர் வைத்தேன். நாலு வருஷத்துப் 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட் காட்டி நல்ல பிள்ளையாக இருந்தது. ஒரு ஆம்பியர் இழுக்கிற சைரனைக் கொடுத்ததும் 6 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. போர்டுக்கு 5 வோல்ட் தருகிற 7805 ரெகுலேட்டருக்கு உள்ளே சுமார் 7 வோல்ட்டாவது வேண்டும். கிடைக்காததால் போர்டு ரீசெட் ஆகிறது. அந்த நேரத்தில், சுவிட்ச் வேலை பார்க்கிற மாஸ்ஃபெட்டின் கேட்டை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு இழுத்து சைரனை அணைக்கிறது. பளு போனதும் பேட்டரி தெம்பாகிறது, போர்டு எழுகிறது, மூடிகளைக் காவல் காக்கிற டேம்பர் லூப் திறந்திருப்பதைப் பார்க்கிறது, மறுபடி கூவுகிறது. பளு இல்லாமல் வோல்ட் பார்த்து நம்பினால் இதுதான் கதி.

சரி, லூப் ஏன் திறந்தது? பேனல் மூடி, சைரன் மூடி இரண்டின் சுவிட்சும் ஒரே வரிசையில் மூடியிருந்தால்தான் அது அமைதியாக இருக்கும். ஒன்று விட்டாலும், வயரை யாராவது வெட்டினாலும் கத்தும், அலாரத்தை ஆஃப் செய்து வைத்திருந்தாலும்கூட. ஏணி போட்டு ஏறினேன். சைரன் பெட்டியின் மூடித் திருகில் நைலான் கயிறு. அதன் மறுமுனை முருங்கை மரத்தில். நடுவில் ஈரப் போர்வை. காற்றில் அது ஆடிய ஆட்டத்தில் மூடி இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தது.

"வேற எங்கடா கொடி கட்டுறது? நாலு வருஷமா சும்மாதானே கிடக்குது அந்தப் பொட்டி" என்றார் அம்மா.

புது பேட்டரி மாட்டி, கரண்டை ஆஃப் செய்து, சைரனை ஒரு நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தேன். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. எத்தனை முறை கூவியது என்ற கணக்கையும் ரீசெட்டில் அழியாத இடத்தில் எழுதி வைக்கும்படி மாற்றினேன். அப்புறம், சுவரில் தனியாக ஒரு கொக்கி அடித்தேன்.

சாயங்காலம் வாத்தியார் வீட்டம்மாவிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "துணிய யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு கொடிக்கே அலாரம் வெச்சிருக்கான் என் பையன்."