கணக்கில் 32 வித்தியாசம்

ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக அப்பாவின் பேரேடுகளையும் வீட்டுப் பத்திரங்களையும் ஸ்கேன் செய்தேன். 36 வருடம் கணக்கு எழுதியவன் நான். சரிபார்க்காத எதையும் மனசு நம்பாது. அதனால் ஒவ்வொரு கோப்புக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணான செக்சம் எடுத்துப் பட்டியலாக வைத்தேன். தினமும் காலை 5 மணிக்கு இந்த வரி ஓடும்:

```
sha256sum --quiet -c pathiram.sha256
```

எல்லாம் சரியாக இருந்தால் இது ஒன்றும் சொல்லாது. எதையாவது அச்சிட்டால்தான், குறித்த நேரத்தில் இதை ஓட்டும் `cron` மெயில் அனுப்பும். இரண்டு வருடமாக மெயில் வரவில்லை. போன மாதம் ஒரு காலையில் வந்தது:

```
peredu/1974-06.tif: FAILED
```

அப்பா கையெழுத்து உள்ள பக்கம். கை நடுங்கிவிட்டது. ஆனாலும் உடனே எதையும் அழிக்கவோ நகலெடுக்கவோ இல்லை. கோப்பின் தேதி மாறவில்லை, ஆக யாரும் திருத்தவில்லை. டிஸ்க்கில் செக்டார் கெட்டிருந்தால் பெரும்பாலும் படிக்கவே முடியாது, `FAILED open or read` என்று வரும். இங்கே படிக்க முடிந்தது, படித்ததுதான் தப்பு.

பீரோவில் இருந்த பேக்கப் டிஸ்க்கை, எதுவும் எழுத முடியாதபடி இணைத்தேன். அதிலிருந்த நகல் பட்டியலோடு ஒத்துப்போனது. அப்புறம் இரண்டையும் `cmp -l` போட்டு ஒப்பிட்டேன். ஒரே ஒரு பைட்தான் மாறியிருந்தது: ஒன்றில் 151, மற்றதில் 111. அவை எட்டின் அடிமான எண்கள்; நம் கணக்கில் 105, 73. வித்தியாசம் 32.

ஐந்தொகையில் வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுவோம். 32-ஐப் பார்த்ததும் அதே போல ஒன்று பொறி தட்டியது. அது இரண்டின் அடுக்கு. இரண்டு எண்களையும் இருமத்தில் எழுதிப் பார்த்தேன்: 01101001, 01001001. ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது.

கணினியை அணைத்துப் போட்டு மறுபடி சரிபார்த்தால், கோப்பு சரியாக இருந்தது! டிஸ்க்கில் பிழையே இல்லை. லினக்ஸ் ஒருமுறை படித்த கோப்பை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கிருந்தே தரும். அந்த நகலில்தான் பிட் புரண்டிருந்தது.

அன்று இரவு முழுக்க, நினைவகத்தைச் சோதிக்கும் Memtest86+ ஓடவிட்டேன். காலையில் திரையில் சிவப்பு வரிகள், எல்லாமே ஒரே முகவரியைச் சுற்றி. இரண்டு ராம்களையும் தனித்தனியாகப் போட்டுச் சோதித்ததில் ஒன்று மாட்டியது. மாற்றிவிட்டேன்.

இன்னொரு கவலை அதற்கப்புறம்தான் வந்தது. சமீபத்தில் ஸ்கேன் செய்தவை இந்தக் கெட்ட ராம் வழியாகத்தான் போயிருக்கின்றன. சேமிக்கும் முன்பே பிட் புரண்டிருந்தால், செக்சமும் அந்தத் தப்பான கோப்புக்கே எடுக்கப்பட்டிருக்கும். ஸ்கிரிப்ட் என்றைக்கும் வாய் திறக்காது. அதனால் கடைசி ஆறு மாதத் தாள்களை மறுபடி ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் 40 பக்கம் பாக்கி.