பெல்ட் நீளத்தில் 43 மி.மீ. விட்டவனின் அனுபவம்

போன வாரம் ரிசல்ட் வந்தது. டிரான்ஸ்மிஷன் டிசைன் பேப்பர் மூன்றாவது முயற்சியில் கிளியர். முதல் தடவை பெல்ட் கணக்கைத் தொட்டேன், கோட்டை விட்டேன். இரண்டாவது தடவையும் அதே கணக்கு, அதே கோட்டை. இரண்டு முறையும் வீட்டுக்கு வந்து விடையைச் சரிபார்த்தபோது ஃபார்முலா சரியாகத்தான் இருந்தது, அதுதான் அதிகம் எரிச்சல். தப்பு ஃபார்முலாவில் இல்லை, டேட்டா புக் அட்டவணையில் இருந்தது: முதல் தடவை அதைத் திறக்கவே இல்லை, இரண்டாவது தடவை தப்பான பத்தியை எடுத்தேன். செயின், கியர் எல்லாவற்றுக்கும் வேறு யாராவது எழுதுவார்கள். நான் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதற்காக நான் ஒரு வருஷம் கொடுத்திருக்கிறேன்.

கணக்கை நேராகவே பார்த்துவிடலாம். பி செக்‌ஷன் வி-பெல்ட், சின்ன புல்லி 125 மி.மீ., பெரிய புல்லி 315 மி.மீ., மைய தூரம் சுமார் 430 மி.மீ. பெல்ட் நீளமும் சரியான மைய தூரமும் வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த ஃபார்முலாதான், L பெல்ட் நீளம், C மைய தூரம், D பெரிய புல்லியின் விட்டம், d சின்னதின் விட்டம்:

```
L = 2C + (π/2)(D + d) + (D − d)²/(4C)
```

2C என்பது 860. நடுப் பகுதி 691.15. கடைசிப் பகுதி 190-இன் வர்க்கமான 36100-ஐ 1720-ஆல் வகுத்தால் 20.99. ஆக 1572.1 மி.மீ. இதுவரை இரண்டு முயற்சியிலும் நான் சரிதான்.

இனிமேல்தான் குழி. 1572 என்று கடையில் பெல்ட் கிடையாது, அட்டவணையில் இருக்கும் நீளங்களில் பக்கத்தில் இருப்பதை எடுக்க வேண்டும். முதல் முயற்சியில் இந்தப் படியையே விட்டுவிட்டு 430-ஐ வைத்துக்கொண்டு அணைப்புக் கோணம், பெல்ட் எண்ணிக்கை என்று கடைசி வரை ஓட்டினேன். இரண்டாவது முயற்சியில் திருந்தி அட்டவணையைத் திறந்தேன். முதல் பத்தியில் 1575 கண்ணில் பட்டது. அட, 1572-க்கு மூன்று மி.மீ.தானே வித்தியாசம் என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன். அது உள் நீளம், அதாவது நாமினல் இன்சைடு லெங்த். நான் கணக்குப் போட்டது பிட்ச் நீளம். பெல்ட்டின் உள்பக்கத் தரையில் டேப் வைத்து அளந்தால் வருவது உள் நீளம். பெல்ட்டுக்குள் கயிறு ஓடுகிறதே, சுமாராக அந்த மட்டத்தில் அளந்தால் வருவது பிட்ச் நீளம். வினாத்தாளில் புல்லி விட்டம் என்று கொடுப்பது பிட்ச் விட்டம், அதனால் ஃபார்முலாவில் வரும் L-உம் பிட்ச் நீளமாகத்தான் இருக்க முடியும். பி செக்‌ஷனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் 43 மி.மீ.

இது எனக்குப் பரீட்சை ஹாலில் புரியவில்லை, சித்தப்பாவின் மாவு மில்லில்தான் புரிந்தது. அரியர் எழுதிவிட்டுச் சும்மா இருந்த நாட்களில் அங்கே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் மிளகாய் அரைக்கிற மெஷினின் பெல்ட் வெடிப்பு விட்டிருந்தது. முதுகில் பி 60 என்று பாதி அழிந்த எழுத்து. கடையில் பி 60 ஸ்டாக் இல்லை, பி 62 இருந்தது, ரெண்டு இஞ்சுதானே என்று சித்தப்பா அதையே வாங்கி வந்துவிட்டார். மெக்கானிக் அண்ணன் மாட்டினார். மோட்டாரை ரெயிலில் பின்னால் தள்ளித் தள்ளி, ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் மேலே போனதும்தான் பெல்ட் இறுகியது. "இப்பவே பாதி ரெயில் போயிடுச்சு தம்பி. நாலு நாள் ஓடி பெல்ட் இழுத்துச்சுன்னா போல்ட் முட்டிக்கும், அப்புறம் தள்ள இடம் எங்க இருக்கு?" என்றார்.

ரெண்டு இஞ்சு என்று சித்தப்பா சொன்னது மண்டையில் நின்றுவிட்டது. அப்படியென்றால் 60 என்பது இஞ்சு. 60-ஐ 25.4-ஆல் பெருக்கினால் 1524. ராத்திரி டேட்டா புக்கை எடுத்துப் பார்த்தால் உள் நீளப் பத்தியில் 1524, அதே வரிசையில் பிட்ச் நீளம் 1567. பெல்ட்டின் முதுகில் எழுதியிருப்பது உள் நீளம், என் கணக்கில் வருவது அடுத்த பத்தி. இரண்டு பத்தியும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கின்றன, தலைப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் தேடியவன் நான்.

43 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மறக்காது. பி பெல்ட்டின் தடிமன் 11 மி.மீ. பிட்ச் கோடு மேல் விளிம்பிலிருந்து 4.2 மி.மீ. கீழே இருக்கிறது. அப்படியானால் உள்பக்கத் தரையிலிருந்து 6.8 மி.மீ. மேலே. ஒரு மூடிய வளையத்தை எல்லாப் பக்கமும் 6.8 வெளியே தள்ளி வரைந்தால் நீளம் 2π × 6.8 கூடும், அதாவது 42.7. நேராகப் போகிற இடங்களில் எதுவும் கூடாது, வளைகிற இடத்தில் மட்டும் கூடும், இரண்டு புல்லியிலும் வளைவதைச் சேர்த்தால் மொத்தம் ஒரு முழுச் சுற்றுதான். அதனால் புல்லி எந்த அளவாக இருந்தாலும் அதே 43. மற்ற செக்‌ஷன்களுக்கு இந்தக் கணக்கை நம்பிக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள், டேட்டா புக்கில் இருக்கும் எண்ணையே எடுங்கள்.

சரி, கணக்குக்குத் திரும்புவோம். 1572.1-க்குப் பக்கத்தில் இருக்கும் பிட்ச் நீளம் 1567, அதாவது பி 60. இப்போது மைய தூரத்தைத் திருப்பிக் கண்டுபிடிக்க வேண்டும்:

```
C = A + √(A² − B)
A = L/4 − π(D + d)/8
B = (D − d)²/8
```

A என்பது 391.75-இல் 172.79 கழித்து 218.96. B என்பது 4512.5. வர்க்கமூலம் 208.40. C = 427.4 மி.மீ. கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டால் 10.6 என்று வரும். இரண்டு புல்லியின் ஆரத்தையும் கூட்டினாலே 220, பத்து மி.மீ. மைய தூரத்தில் புல்லிகள் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். அந்த விடையைப் பார்த்தும் எழுதி வைத்த நண்பன் ஒருவன் இருக்கிறான், பெயர் வேண்டாம்.

இதைச் சரிபார்க்க நான் வைத்திருக்கும் வழி: நீளம் எவ்வளவு மாறியதோ அதில் பாதி மைய தூரத்தில் மாறும். 1572.1-இலிருந்து 1567-க்கு வந்தோம், 5.1 குறைந்தது. பாதி 2.6. 430-இல் 2.6 போனால் 427.4. பத்து விநாடி வேலை. நிஜத்தில் பாதியைவிட ஒரு துளி அதிகமாக மாறும், அதனால் வித்தியாசம் பெரிதானால் ஒன்றிரண்டு தசமம் தள்ளி நிற்கும், பரவாயில்லை.

இப்போது என் தப்பின் விலையைப் பாருங்கள். 1575-ஐ பிட்ச் நீளம் என்று நினைத்துப் போட்டால் C = 431.5 வரும். பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது, கேட்ட 430-க்கு ஒட்டியே நிற்கிறது, சந்தேகமே வராது. ஆனால் உள் நீளம் 1575 என்பது பி 62, அதன் பிட்ச் நீளம் 1618, அதற்கு உண்மையான மைய தூரம் 453.5. இருபத்திரண்டு மி.மீ. வித்தியாசம். மோட்டாரை 431.5-இல் இறுக்கினால் பெல்ட் தொளதொள என்று தொங்கும்.

இழுத்து வைத்தால் ஓடும்தானே என்று கேட்கலாம், ஓடும். பெல்ட்டை மாட்ட மைய தூரத்தை நீளத்தில் 1.5 சதவீதம் குறைக்கவும், நீண்டுபோனால் இழுக்க 3 சதவீதம் கூட்டவும் இடம் விடச் சொல்கிறார்கள். நம் கணக்கில் அது 427-க்கு உள்ளே 23.5, வெளியே 47. வெளியே இருக்கும் 47-இல் பி 62 போட்ட அன்றைக்கே 26 காலி. மெக்கானிக் அண்ணன் சொன்ன பாதி ரெயில் இதுதான்.

மற்ற சில்லறை விஷயங்கள், வேகமாக:

- கிராஸ் பெல்ட் என்றால் கடைசிப் பகுதியில் (D + d)². ஓப்பன் என்றால் கழித்தல். கேள்வியில் இரண்டு புல்லியும் எந்தத் திசையில் சுற்றுகின்றன என்று மட்டும் சொல்லியிருப்பார்கள், எதிர்த் திசை என்றால் கிராஸ். வி-பெல்ட் கணக்கில் இது வராது.
- அணைப்புக் கோணத்துக்குப் புது C-ஐப் போடுங்கள், பழைய 430-ஐ அல்ல. எனக்கு முதல் தடவை போனது இங்கேதான்.
- மைய தூரமே கொடுக்கவில்லை என்றால் குறைந்தபட்சம் 0.55(D + d) + பெல்ட் தடிமன், அதிகபட்சம் 2(D + d). நம் புல்லிகளுக்கு 253 முதல் 880 வரை. இதற்குள் வேக விகித அட்டவணை தரும் C-ஐ எடுங்கள்.
- இந்த ஃபார்முலா தோராயமானது என்று எழுதி பயமுறுத்துவார்கள். சைன், கொசைன் போட்டு முழுசாகச் செய்து பார்த்தேன், 427.4-க்கு வித்தியாசம் 0.1 மி.மீ. அந்த 0.1-க்காகக் கால்குலேட்டர் டிகிரியிலா ரேடியனிலா என்ற தலைவலி தேவையே இல்லை.

மில்லிலோ ஒர்க்‌ஷாப்பிலோ நீங்களே அளந்து போடுவதானால் இன்னொன்று உண்டு. டேப்போ வெர்னியரோ புல்லியின் வெளி விளிம்பைத்தான் பிடிக்கும். 125 பிட்ச் விட்டமுள்ள பி புல்லியில் வெளி விட்டம் 133.4 காட்டும், இரண்டு பக்கமும் 4.2. அதை அப்படியே ஃபார்முலாவில் போட்டால் இரண்டு புல்லிக்கும் சேர்த்து நீளம் 26 மி.மீ. கூடிவிடும், ஒரு சைஸ் தள்ளிய பெல்ட்டோடு கடையிலிருந்து வருவீர்கள். ஒவ்வொரு விட்டத்திலும் 8.4 கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள், வருகிற L-இல் 43 கழியுங்கள், 25.4-ஆல் வகுங்கள். நம் கணக்கில் 1572.1-இலிருந்து 1529.1, வகுத்தால் 60.2. கடையில் போய் பி 60 என்று கேட்கலாம். ஸ்டாக் இல்லை என்றால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள், சித்தப்பா மாதிரி 62 வாங்காதீர்கள்.