வராந்தாவில் கேட்ட கேள்வி

"அம்மா வீட்டில் ஏதாவது குடிப்பாங்களா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நோயாளியின் மகளிடம் கேட்டேன். நான்கு மாதம் ஆகிறது, இன்னும் அந்தக் கேள்வியிலேயே நிற்கிறேன்.

அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. திங்கள் இரவு குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு உடைந்து வந்தார். சேர்க்கும்போது விவரம் எழுதிய நர்ஸ் நான்தான். ஆண் நோயாளி என்றால் "எவ்வளவு குடிப்பீங்க, கடைசியா எப்போ?" என்று கேட்டுப் பழகிய வாய். அவரிடம், மகனும் மகளும் பக்கத்தில் நிற்க, "குடி, புகையிலை எதுவும் கிடையாதுல்லம்மா?" என்றேன். பதிலையும் சேர்த்தே கேட்ட கேள்வி அது. தலையாட்டினார். "இல்லை" என்று எழுதினேன்.

செவ்வாய் காலை அறுவை சிகிச்சை. சாயங்காலம் கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை. மயக்க மருந்து தெளியும்போது உடம்பு நடுங்குவது உண்டு. "குளிருதாம்மா?" என்று கேட்டுப் போர்வை போர்த்திவிட்டேன். குளிரில் நடுங்குகிறவருக்கு இப்படி வியர்க்காது என்பது எனக்குத் தெரியாததல்ல.

புதன் இரவு போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று பொறுக்க ஆரம்பித்தார். நாடித்துடிப்பு 130. என்னைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசினார். தினமும் குடிக்கிறவருக்குக் குடி நின்று இரண்டு, மூன்று நாளில் வருகிற சித்தப்பிரமை இப்படித்தான் இருக்கும். வலிப்பு வரலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். ஆனால் கிருமித்தொற்றிலும், உப்புச்சத்து குறைந்தாலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் தெரியும். டூட்டி டாக்டர் "வீட்டில் யாரையாவது கேளுங்க" என்றார். வெளியே மகள் மட்டும்தான் இருந்தார்.

அவர் கோபப்படவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். காலையில் அம்மா காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார், அப்படியும் தளும்பும். அறைக்குள் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தால் கை நின்றிருக்கும். கேட்டால் "சுகர் இறங்கிடுச்சு" என்பார். எப்போதும் வாயில் கிராம்பு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனில் அரை மணி நேரம் பேசியது மறுநாள் நினைவில் இருக்காது. சாயங்கால விசேஷம் எதற்கும் வருவதில்லை. கால்களில் எப்போது பார்த்தாலும் எங்கோ இடித்துக்கொண்ட காயம். "அப்பா போன துக்கம்னு நினைச்சோம் சிஸ்டர்."

எல்லாமே அவர் கண்ணில் பட்டிருக்கிறது. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. அப்பாவிடம் இதில் பாதியைப் பார்த்திருந்தால்கூட முதல் நாளே புரிந்திருக்கும்.

தயமின் ஊசி போட்டு, லோராசெபாம் கொடுத்து, மூன்று நாளில் தெளிந்தார். தெளிந்ததும் மகளின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அன்று முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். ட்ரிப்ஸ் மாற்றப் போனபோது மெதுவாகச் சொன்னார்: "ஆறு வருஷம்மா. ஆட்டோக்காரத் தம்பிதான் குவார்ட்டர் வாங்கித் தருவான். காலி பாட்டிலைப் பழைய புடவையில் சுத்தி பீரோ அடியில் வெப்பேன். அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அத்தனையும். நீ அவகிட்டயா கேட்ட?"

அந்த நேரத்தில் வேறு வழியில்லை. அவரிடம் கேட்டுப் பதில் வாங்கும் நிலையில் அவர் இல்லை. இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டுவிட்டேன். ஆனால் செவ்வாய் சாயங்காலம் அவர் தெளிவாகத்தானே இருந்தார்? பக்கத்தில் யாரும் இல்லை. போர்வை போர்த்திய அந்த நிமிடத்தில் கேட்டிருந்தால், மருந்தும் முன்னாலேயே தொடங்கியிருக்கும், விஷயமும் எங்களோடு நின்றிருக்கும்.

வீட்டுக்குப் போகிற அன்று அதையும் கேட்டேவிட்டேன். "தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களாம்மா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

மகளிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: மறுபடி ஆரம்பித்தது தெரிந்தால், கோபத்தில் பாட்டிலைக் கொட்டிவிட்டு அறையில் பூட்டி வைக்காதீர்கள், திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து, டாக்டரிடம் அழைத்து வாருங்கள். மகனிடம் சொல்வதா என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையில் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

இப்போதெல்லாம் கூட வந்தவர்களை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, பெண்களிடமும் "கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்றே கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. போன வாரம் ஒரு அக்கா சிரித்துக்கொண்டே "சே, அதெல்லாம் இல்லை சிஸ்டர்" என்றார். எழுதிக்கொண்டேன். எழுதி முடித்த பிறகும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.