மூன்றாம் சந்தைத் தாண்டினால் பட்டியல் குழம்புகிறது: மளிகைப் பட்டியல் ஐந்தாவது வாரம்

போன சனிக்கிழமை மளிகைக் கடையின் நான்காம் சந்தில், அதாவது ரேக்குகளுக்கு நடுவே போகும் வழியில், டிராலியோடு மாட்டிக்கொண்டேன். முன்பக்கமாக உள்ளே நுழைந்தவன் கையில் இருந்த, கடையில் நடக்கும் வரிசைப்படி அடுக்கிய பட்டியல், கடைசியில் இருக்கும் பாத்திர சோப்பை முதலில் எடுக்கச் சொன்னது. துணி சோப்பு வாசலிலேயே இருந்தது, ஆனால் அதற்கு அடுத்த வரி. கடைசி வரை போய்விட்டு வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று. மாதத்தின் முதல் வாரம் வேறு. எதிரே இரண்டு டிராலி. நான்கு வாரமாகச் சரியாக ஓடிய வரிசை ஏன் இப்படிச் சொதப்பியது என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்ததில்தான் விஷயம் பிடிபட்டது.

எங்கள் பகுதிக் கடையில் ஆறு சந்துகள். நுழைவு முதல் சந்தின் முன்னால், பில் கவுண்டர் ஆறாவதின் முன்னால். பின்சுவரை ஒட்டியும் நடக்க வழி உண்டு. சந்துக்கு நடுவில் குறுக்கு வழி கிடையாது. தூரத்தைக் காலடியில் எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வந்தது. அப்புறம் தரையில் இருக்கும் டைல்ஸை எண்ணினேன். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் போட்ட கடை என்றால் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஒரு சந்து 18 டைல்ஸ் நீளம், ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்கு 4 டைல்ஸ்.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான்: பாம்பு போல நெளிந்து போகும் பாதைக்கு ஏற்ப ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிரந்தர எண். முதல் சந்தில் முன்னாலிருந்து பின்னால், இரண்டாவதில் பின்னாலிருந்து முன்னால், மூன்றாவதில் மறுபடி பின்னால். அம்மா சொல்லச் சொல்ல எழுதும் பட்டியலை அந்த எண்ணால் அடுக்கினால் போதும் என்று நினைத்தேன். நான்கு வாரமும் அது சரியாக இருந்ததற்குக் காரணம், அந்த நான்கு வாரமும் ஆறு சந்திலும் ஏதாவது வாங்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

போன வாரம் மூன்றாம் சந்தில் ஒன்றும் வேண்டாம். துவரம் பருப்பும் உளுந்தும் ஒன்றில், புளியும் நல்லெண்ணெயும் இரண்டில், சோப்புகள் நான்கில், பிஸ்கட் ஐந்தில், முன்னாலிருந்து 16 டைல்ஸ் தள்ளி. இரண்டை முடிக்கும்போது நான் கடையின் முன்பக்கம் நிற்கிறேன். மூன்றைத் தாண்டி நான்குக்குப் போனால் நுழைவதும் முன்பக்கம்தான். ஆனால் நிரந்தர எண்ணோ நான்காம் சந்தைப் பின்னாலிருந்து வரும்படி அடுக்கி வைத்திருக்கிறது. ஒரு சந்தைத் தாண்டினால் அதற்கு அடுத்த சந்துகள் எல்லாவற்றிலும் திசை புரண்டுவிடும்.

கணக்கு இதுதான். ஒன்றும் இரண்டும் 18, 18. நான்கில் பாத்திர சோப்பு 15 டைல்ஸ் உள்ளே, போய்த் திரும்ப 30. ஐந்தில் பிஸ்கட்டுக்குப் போய்த் திரும்ப 32. மொத்தம் 98, குறுக்கே நடப்பது 20, ஆக 118. நான்கை முன்னாலிருந்தும் ஐந்தைப் பின்னாலிருந்தும் நேராகக் கடந்திருந்தால் 72உம் 20உம் சேர்த்து 92. மிச்சம் 26 டைல்ஸ், அதாவது 52 அடி. அடி கம்மிதான், ஆனால் குறுகிய சந்தில் நிறைந்த டிராலியைத் திருப்புகிற வேலை இரண்டு தடவை மிச்சம். அதுதான் எனக்கு முக்கியம்.

ஆகவே நிரந்தர எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது பொருளுக்கு இரண்டு விவரம் மட்டும்: B நிரலில் எந்தச் சந்து, C நிரலில் முன்னாலிருந்து எத்தனை டைல்ஸ். அந்தச் சந்துக்கு முன்னால் இந்த வாரம் எத்தனை சந்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடந்திருப்பேன் என்பதை D எண்ணுகிறது. அது இரட்டை என்றால் முன்பக்கம் நிற்கிறேன், ஒற்றை என்றால் பின்பக்கம். E-யை வைத்து அடுக்க வேண்டும். F என்ன என்பதைக் கீழே சொல்கிறேன். கூகுள் ஷீட்ஸில்:

```
D2: =IFERROR(COUNT(UNIQUE(FILTER(B$2:B$40,B$2:B$40<B2,B$2:B$40>0,F$2:F$40=""))),0)
E2: =B2*100+IF(MOD(D2,2)=0,C2,99-C2)
```

COUNT-க்குப் பதிலாக COUNTA போட்டுவிடாதீர்கள். முதல் சந்துக்கு முன்னால் எதுவும் இல்லை என்பதால் FILTER பிழை காட்டும், COUNTA அந்தப் பிழையையும் ஒன்றாக எண்ணிவிடும். அப்புறம் முதல் சந்தே தலைகீழாக வரும். எனக்கு ஒரு மாலை முழுக்க இதில் போயிற்று.

சரி, F. கடக்க வேண்டிய சந்துகள் ஒற்றைப்படையாக வந்தால் ஏதாவது ஒரு சந்தில் போய்த் திரும்பித்தான் வர வேண்டும், ஏனென்றால் பில் கவுண்டர் முன்பக்கம். எந்தச் சந்தில் திரும்புவது என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றில் மிளகு மட்டும், வாசலிலிருந்து 3 டைல்ஸ். இரண்டில் எண்ணெய் 14, நான்கில் பாத்திர சோப்பு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷீட் சொன்னபடி போனால் 18, 18, 30, மொத்தம் 66. மிளகை எடுத்துக்கொண்டு அங்கேயே திரும்பிவிட்டால் 6, 18, 18, மொத்தம் 42. அப்படித் திரும்பும் சந்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் எதிரே F-இல் ஒரு x போடுகிறேன். D அந்தச் சந்தை எண்ணாமல் விட்டுவிடும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிறது. பின்பக்கம் நிற்கும்போது திரும்ப வேண்டிய சந்து என்றால் தூரத்தைப் பின்சுவரிலிருந்து அளக்க வேண்டும், இதை மறக்கக் கூடாது. டிராலியைச் சந்து வாசலில் விட்டுவிட்டுக் கையோடு எடுத்து வந்தால் இன்னும் நல்லது.

இந்தப் பிரச்சினை கிடங்குகளில் சரக்கு எடுப்பவர்களுக்குப் பழையது. இரண்டு முனையிலும் குறுக்கு வழி உள்ள கிடங்கில் மிகக் குறைந்த பாதையைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம் என்று ராட்லிஃபும் ரோசெந்தாலும் 1983-இல் காட்டினார்கள். எத்தனையோ இடங்களுக்குப் போக வேண்டிய விற்பனையாளர் பாதைக் கணக்கு பொதுவாக மிகக் கடினம், ஆனால் வடிவம் இப்படி ஒழுங்காக இருந்தால் அப்படியில்லை. சந்துக்குச் சந்து "கடப்பதா, திரும்புவதா" என்று மட்டும் பார்த்துக்கொண்டே போகலாம். என் F நிரலைத் தானாக நிரப்பும் வழி அதற்குள்தான் இருக்கிறது, இன்னும் எழுதி முடிக்கவில்லை.

காய்கறியை இந்த வரிசையில் சேர்க்கவே இல்லை. எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டும் இடம் நுழைவாயிலருகே இருப்பதால் அதை முதலில் முடித்துவிட்டுத்தான் சந்துக்குள் போகிறேன். தக்காளியைத் தனிப்பையில் டிராலியின் குழந்தை இருக்கையில் வைத்துக்கொண்டால் எண்ணெய் டின் நசுக்காது. பால் தயிர் எல்லாம் தெருமுனை பூத்தில்.

இடம் மாற்றுவதுதான் அடுத்த தலைவலி. தீபாவளிக்குப் பலகார மாவையும் நெய்யையும் எடுத்து வந்து சந்து முனையில் மேடை போட்டு அடுக்கிவிடுகிறார்கள். அதனால் பொருளுக்கு நேராகச் சந்து எண் எழுதாமல், "பருப்பு ரேக்", "சோப்பு ரேக்" என்று ரேக்குக்கு ஒரு பெயர் கொடுத்து வேறொரு தாளில் அந்த ரேக்கின் சந்தும் தூரமும் வைத்திருக்கிறேன். ரேக் நகர்ந்தால் ஒரு வரி திருத்தினால் போதும். நேற்று அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, புளி ரெண்டு இடத்துல இருக்குமே, நீ எந்த இடத்தைப் போட்டிருக்க?" என்றார். நியாயமான கேள்வி. மசாலா ரேக்கிலும் இருக்கிறது, பாக்கெட் புளி ஊறுகாய் பக்கத்திலும் இருக்கிறது. அந்த வாரம் எந்தச் சந்தைக் கடக்கிறோமோ அங்கே எடுப்பதுதான் சரி. ஒரே பொருளுக்கு இரண்டு இடம் கொடுத்தால் சூத்திரம் இரண்டையும் எண்ணிவிடுகிறது. இப்போதைக்குப் புளியைக் கையால் மாற்றுகிறேன். வரும் சனிக்கிழமை பட்டியலில் இரண்டாம் சந்தில் புளியைத் தவிர வேறெதுவும் இல்லை, அதனால் ஊறுகாய் பக்கம்தான்.